மண்டை அரிப்பும் கொட்டும் செதிலும்: பொடுகா, படர்தாமரையா, சொரியாசிஸா?

கேள்வி: துவாஸில் சைட் சூப்பர்வைசர் வேலை, வயது 36. நாள் முழுக்க ஹெல்மெட். ஐந்தாறு மாதமாகத் தலையில் தாங்க முடியாத அரிப்பு. சொறிந்தால் மஞ்சள் கலந்த வெள்ளைச் செதில் சட்டையெல்லாம் கொட்டுகிறது. காதுக்குப் பின்னாலும் புருவத்திலும்கூட உரிகிறது. அம்மா ‘வறட்சிதான், எண்ணெய் வை’ என்கிறார். ராத்திரி தோறும் தேங்காய் எண்ணெய் வைக்கிறேன். முடிவெட்டுபவர் ‘இது ஃபங்கஸ், வீட்டில் எல்லோருக்கும் ஒட்டும்’ என்றார். நண்பர் சொரியாசிஸ் என்கிறார். மருந்து ஷாம்பு ஒரு வாரம் போட்டபோது நன்றாக இருந்தது, நிறுத்தியதும் திரும்ப வந்துவிட்டது. ஏழு வயது மகன் என் தலையணையில்தான் தூங்குகிறான். இது என்ன? அவனுக்கு ஒட்டுமா?

பதில்:

நேரில் பார்க்காமல் யாரும் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதிய விவரங்கள் பெரும்பாலும் கடுமையான பொடுகையே காட்டுகின்றன. செதில் உதிர்வதோடு தோலும் சிவந்து அரித்து, முகம்வரை இறங்கிவிட்டால் மருத்துவர்கள் அதற்குச் செபோரிக் டெர்மடைட்டிஸ் என்று பெயர் எழுதுவார்கள். இரண்டும் ஒரே நோயின் லேசான, கடுமையான நிலைகள். மகனுக்கு இது ஒட்டாது. ஆனாலும் அவன் தலையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மருந்தகத்தில் வேலை செய்வதால் இந்த மூன்று பெயர்களும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடப்பதை அடிக்கடி பார்க்கிறேன். குழப்பத்துக்கு நியாயமான காரணமும் இருக்கிறது. உங்கள் முடிவெட்டுபவர் சொன்னதில் பாதி உண்மை. பொடுகிலும் ஒரு பூஞ்சைக்குப் பங்கு உண்டு, ஆனால் பொடுகு பூஞ்சைத் தொற்று அல்ல. இந்த வித்தியாசம் பிடிபட்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

அந்தப் பூஞ்சையின் பெயர் மலஸீசியா. ஈஸ்ட் வகையைச் சேர்ந்தது. பொடுகு உள்ளவர், இல்லாதவர் என்று பார்க்காமல் ஏறக்குறைய எல்லாப் பெரியவர்களின் தோலிலும் குடியிருக்கிறது. தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே தயாரித்துக்கொள்ள அதனால் முடியாது. அதனால் நம் தோல் சுரக்கும் எண்ணெய்ப் பசையை உடைத்துத் தின்று வாழ்கிறது. அதில் தனக்குப் பிடித்த கொழுப்பு அமிலங்களை எடுத்துக்கொண்டு மீதியைத் தோல்மேலேயே விட்டுவிடும். மிஞ்சுவதில் முக்கியமானது ஒலீயிக் அமிலம். அது சிலருடைய தோலை ஒன்றும் செய்யாது. வேறு சிலருக்கு அதே அமிலம் தோலின் மேல்தடுப்பைக் கெடுத்து, எரிச்சலைக் கிளப்பி, தோல் செல்களை அவசரமாக மேலே தள்ளி உதிர வைக்கிறது. ஆக, நோய் வெளியிலிருந்து வந்து தொற்றியதல்ல. எல்லோரிடமும் இருக்கும் ஒன்றுக்கு உங்கள் தோல் காட்டும் எதிர்ப்புதான் அது. உங்கள் தலையணையிலிருந்து மகனுக்குப் போக இதில் எதுவும் இல்லை.

இங்கிருந்து பார்த்தால் உங்கள் புருவமும் காதின் பின்புறமும் ஏன் உரிகின்றன என்பதும் விளங்கும். எண்ணெய்ச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கும் இடங்களைத்தான் இந்த நோய் பிடிக்கும்: தலை, புருவம், மூக்கின் இரு ஓரம், காதின் பின்புறம், தாடி, நெஞ்சின் நடுப்பகுதி. செதில் மஞ்சளாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக இருப்பதும் அந்த எண்ணெய்ப் பசையால்தான். சொரியாசிஸுக்கு இந்த இடப்பற்று இல்லை. அதற்கு முழங்கை, முழங்கால், இடுப்பின் பின்புறம், நகம் என்று வேறு இடங்கள் உண்டு.

அம்மா சொல்லும் வறட்சி பற்றி ஒரு வார்த்தை. வறண்ட தலைத்தோலும் உரியும். ஆனால் அப்போது செதில் மாவு போலப் பொடியாக, காய்ந்து இருக்கும், அரிப்பும் லேசாகத்தான் இருக்கும். மஞ்சள் பிசுபிசுப்பு வறட்சியின் அடையாளமல்ல. எண்ணெய் வைத்த இரவில் செதில் நனைந்து தலையோடு ஒட்டிக்கொள்வதால் மறுநாள் காலை குறைந்தது போலத் தெரியும். செதில் எங்கும் போகவில்லை, கொட்டவில்லை, அவ்வளவுதான். எண்ணெய்களும் எல்லாம் ஒன்றல்ல. ஆலிவ் எண்ணெயின் பெரும்பகுதி ஒலீயிக் அமிலம்; நல்லெண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு அதுதான். தேங்காய் எண்ணெயில் அது மிகவும் குறைவு, ஆகவே உங்கள் நோய்க்குத் தேங்காய் எண்ணெயே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கொழுப்பை நம்பி வாழும் ஈஸ்ட்டை அடக்கப் பார்க்கும் வாரங்களில், ராத்திரி முழுக்கத் தலையை எண்ணெயில் ஊற வைப்பது வேலைக்கு எதிர்வேலை. ஒரு மாதம் நிறுத்துங்கள். தீபாவளி எண்ணெய்க் குளியலை யாரும் தடுக்கவில்லை. அன்றே நன்றாக அலசிவிட்டால் போதும்.

சிங்கப்பூரில் இது இழுத்துக்கொண்டே போவதற்கும் காரணம் இருக்கிறது. ஆண்டு முழுக்க வெக்கையும் ஈரப்பதமும். அதற்குமேல் ஹெல்மெட்டுக்குள் வேர்வை. வேர்வை மட்டும் பொடுகை உண்டாக்காது, ஆனால் பிடித்திருக்கும் பொடுகின் அரிப்பைக் கிளப்பும். தூக்கக் குறைவும் வேலை நெருக்கடியும் அதை ஏற்றிவிடும். ஹெல்மெட்டின் உள்பட்டையைக் கழற்ற முடிந்தால் வாரம் ஒருமுறை சோப்புப் போட்டுத் துவைத்துக் காய வையுங்கள். ஈரத்தலையோடு ஹெல்மெட் மாட்டவேண்டாம்.

இப்போது சொரியாசிஸ். நண்பர் அந்தப் பெயரைச் சொன்னது தவறில்லை. தலையில் மட்டும் வரும் சொரியாசிஸும் உண்டு, பொடுகு என்று நினைத்து ஆண்டுக்கணக்கில் ஷாம்பு மாற்றிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. இது நோய் எதிர்ப்பு மண்டலம் தானாக முடுக்கிவிடும் நோய். சாதாரணமாகத் தோலின் ஒரு செல் அடியில் பிறந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். சொரியாசிஸில் அதே பயணம் சில நாட்களில் முடிந்துவிடும். பழைய செல் உதிர நேரமே இல்லாமல் புதியது ஏறிவருவதால், செதில் அடுக்கடுக்காகத் தடித்துக் கிடக்கும்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி சொல்கிறேன். நல்ல வெளிச்சத்தில் முடியை வகிடெடுத்துப் பிரித்து, வேறொருவரை போனில் படமெடுக்கச் சொல்லுங்கள். படத்தில் செதிலைவிட அதன் ஓரத்தைப் பாருங்கள். பொடுகில் நோயுள்ள தோல் எங்கே முடிகிறது, நல்ல தோல் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. மெல்ல மெல்லக் கரைந்துபோகும். சொரியாசிஸில் ஓரம் கோடு போட்டது போலத் தெளிவாக இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே மேடு விரலில் தட்டும். செதில் காய்ந்து வெள்ளி நிறத்தில் தடித்திருக்கும். அடுத்து நெற்றியைப் பாருங்கள். சொரியாசிஸ் முடி எல்லையைத் தாண்டி நெற்றியிலும் பிடரியிலும் ஒரு பட்டையாக எட்டிப்பார்க்கும் வழக்கமுள்ளது. பொடுகு பொதுவாக முடிக்குள்ளேயே தங்கும், முகத்துக்கு வந்தால் புருவத்திலும் மூக்கோரத்திலும் வரும்.

நிறத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். இணையத்தில் கிடைக்கும் படங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் ரத்தச் சிவப்பாகத் திட்டுகள் தெரியும். நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அப்படித் தெரியாது. சொரியாசிஸ் ஊதா கலந்த பழுப்பாகவோ சாம்பல் படிந்த கருமையாகவோ தெரியும். செபோரிக் டெர்மடைட்டிஸ் பல நேரங்களில் சுற்றுத் தோலைவிட வெளிறிய திட்டாக, குறிப்பாக மூக்கோரத்திலும் நெற்றியிலும் தெரியும். அதைப் பார்த்து வெண்குஷ்டம் என்று பயந்து வருபவர்கள் இருக்கிறார்கள். அது அதுவல்ல, நோய் அடங்கியபின் நிறம் மெதுவாகத் திரும்பும்.

அப்புறம் தலையை விட்டுவிட்டு மற்ற இடங்களைப் பாருங்கள். இதைத்தான் பெரும்பாலானோர் செய்வதில்லை. கைவிரல் நகங்களில் ஊசி குத்தியது போலச் சிறு குழிகள் உண்டா? நகம் நுனியிலிருந்து பிரிந்து தூக்கிக்கொள்கிறதா? முழங்கையிலும் முழங்காலிலும் காய்ந்து தடித்த திட்டு உண்டா? தொப்புளுக்குள்? அப்பா வழியிலோ அம்மா வழியிலோ யாருக்காவது சொரியாசிஸ் உண்டா? காலையில் விரல் மூட்டுகள் வீங்கி, விறைப்பு விலக வெகுநேரம் ஆகிறதா? இவற்றில் நகமும் மூட்டும் முக்கியமானவை. சொரியாசிஸ் மூட்டையும் பிடிக்கக்கூடியது, விட்டால் மூட்டு நிரந்தரமாகச் சேதமாகும். தலைச்செதிலோடு மூட்டு வலியும் சேர்ந்திருந்தால் ஷாம்பு சோதனையெல்லாம் வேண்டாம், நேராக மருத்துவரிடம் போங்கள்.

இரண்டும் கலந்த நிலையும் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். தலையில் சொரியாசிஸ் போலத் தடித்தும், புருவத்தில் பொடுகு போலப் பிசுபிசுப்பாகவும் இருக்கும். தோல் மருத்துவர்களே சில நேரம் ஒரே பார்வையில் பிரித்துச் சொல்லாமல், சிகிச்சைக்குத் தோல் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

உண்மையான பூஞ்சைத் தொற்று என்பது தலையில் வரும் படர்தாமரை. இதற்கு மலஸீசியாவோடு சம்பந்தமில்லை. டிரைகோஃபைட்டான், மைக்ரோஸ்போரம் என்ற வேறு பூஞ்சைகள் முடித்தண்டுக்கே உள்ளே புகுந்து அதைத் தின்னும். இதுதான் ஒட்டும்: சீப்பு, தொப்பி, டவல் வழியாகவும், பூனைக்குட்டி வழியாகவும். பெரும்பாலும் பருவமடையாத குழந்தைகளுக்கே வரும், பெரியவர்களுக்கு அபூர்வம். அதனால்தான் மகனின் தலையைப் பார்க்கச் சொன்னேன். ஏழு வயதுப் பிள்ளைக்கு உங்களைப் போன்ற பொடுகு வருவது வழக்கமில்லை, ஏனென்றால் அந்த வயதில் எண்ணெய்ச் சுரப்பிகள் இன்னும் முழுதாக வேலை தொடங்கவில்லை. ஆகவே அவன் தலையில் செதில் கண்டால் ‘அப்பாவிடமிருந்து வந்த பொடுகு’ என்று விட்டுவிடக்கூடாது.

அடையாளம் முடியில் இருக்கிறது. பொடுகில் முடி ஒடியாது. அதிகம் சொறிவதால் கொஞ்சம் கூடுதலாக உதிரலாம், அவ்வளவே. படர்தாமரையில் செதிலுள்ள இடத்தில் முடி தோல் மட்டத்திலேயே ஒடிந்து, கருப்புப் புள்ளிகளாகத் தெரியும், அல்லது வட்டமாகச் சொட்டை விழும். பிடரியில் நெறி கட்டும். சிலருக்குச் சீழ் கோத்த மெத்தென்ற வீக்கமாகவே மாறும். அப்படியானால் அன்றே காட்டவேண்டும், தாமதித்தால் அந்த இடத்தில் முடி திரும்பவே முளைக்காமல் போகலாம். மருத்துவர் ஒடிந்த முடியையும் செதிலையும் எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க அனுப்புவார். பூஞ்சை முடிக்குள் இருப்பதால் ஷாம்பாலும் களிம்பாலும் அதை எட்ட முடியாது. டெர்பினஃபின் அல்லது கிரிஸியோஃபல்வின் போன்ற மாத்திரை சில வாரங்கள் கட்டாயம் வேண்டும். ஷாம்பு மற்றவர்களுக்குப் பரவாமல் தடுக்க மட்டும் உதவும்.

சரி, உங்கள் தலைக்கு வருவோம். ஒரு வாரத்தில் குறைந்து, நிறுத்தியதும் திரும்பியது என்றீர்கள். அது மருந்து தோற்றதற்கு அடையாளமல்ல, நோய் இன்னது என்பதற்கு நல்ல துப்பு. ஈஸ்ட்டைக் குறைத்தால் அடங்குகிறது, விட்டால் வளர்ந்து திரும்புகிறது. பொடுகு அப்படித்தான் நடந்துகொள்ளும். சொரியாசிஸ் ஒரு வாரப் பூஞ்சைக்கொல்லி ஷாம்புக்கு இவ்வளவு பணியாது.

நான் சொல்லும் முறை இது. கீட்டோகொனசோல் 2 சதவீத ஷாம்பை மருந்தாளர் இருக்கும் கடையில் கேட்டு வாங்குங்கள். வாரத்துக்கு இரண்டு நாள், உதாரணமாகப் புதனும் ஞாயிறும். முதலில் சாதாரண ஷாம்பால் அழுக்கையும் எண்ணெயையும் போக்கிவிடுங்கள், எண்ணெய்ப் படலத்தின்மேல் மருந்து போட்டால் தோலைச் சேராது. பிறகு மருந்து ஷாம்பை முடியில் அல்லாமல் தோலில் படும்படி விரல் நுனியால் தேயுங்கள், நகத்தால் அல்ல. நுரையை அப்படியே ஐந்து நிமிடம் விடுங்கள். பெரும்பாலானோர் தவறவிடுவது இந்த ஐந்து நிமிடத்தைத்தான். போட்டவுடன் அலசினால் மருந்து சாக்கடைக்குத்தான் போகும். காத்திருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு அதே நுரையைப் புருவத்திலும் காதின் பின்புறமும் லேசாகத் தடவிக்கொள்ளலாம். மற்ற நாட்களில் வேர்வை போகச் சாதாரண ஷாம்பு. இப்படி நான்கு வாரம்.

அரிப்பு இரண்டாம் வாரத்தில் தெளிவாகக் குறையவேண்டும், செதில் அதற்குப் பின்னால் குறையும். நான்கு வாரம் முடிந்து அடங்கிவிட்டது என்றால் நிறுத்திவிடாதீர்கள். வாரத்துக்கு ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ தொடருங்கள். சென்ற முறை நீங்கள் விட்டது இந்தப் பகுதியைத்தான். பொடுகை வேரோடு அழிக்கும் மருந்து எதுவும் கிடையாது, ஏனென்றால் ஈஸ்ட் உங்கள் தோலின் நிரந்தரக் குடி. அடக்கி வைப்பதுதான் சிகிச்சை. கீட்டோகொனசோல் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் செலீனியம் சல்ஃபைடு அல்லது ஸிங்க் பைரிதியோன் உள்ள ஷாம்புகள் உண்டு, முறை அதேதான்.

நான்கு வாரம் ஒழுங்காகச் செய்தும் பாதிகூடக் குறையாவிட்டால், நோயின் பெயரையே மறுபடி கேட்கவேண்டும். அப்போது தடித்த ஓரமுள்ள திட்டு இருந்தால் சொரியாசிஸ் பக்கம் சாய்வேன். அதற்குச் சிகிச்சையின் வரிசையே வேறு. முதலில் சாலிசிலிக் அமிலமோ நிலக்கரித் தாரோ கலந்த மருந்தால் செதிலை இளக்கி எடுக்கவேண்டும், அதன்பிறகு மருத்துவர் தரும் ஸ்டீராய்டு லோஷனோ வைட்டமின் டி வகை மருந்தோ தோலைச் சேரும். கவனியுங்கள், எண்ணெய் உதவுவது இங்கேதான்: தடித்த செதிலை ஊற வைத்து இளக்கத் தேங்காய் எண்ணெய் நல்லது. ஆனால் இளகாத செதிலைச் சீப்பால் பிய்க்கக்கூடாது. காயம்பட்ட இடத்திலேயே சொரியாசிஸ் புதிதாக முளைக்கும் பழக்கம் உள்ளது.

ஊரிலிருந்து வருபவர்கள் கொண்டுவரும் களிம்புகளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, நுண்ணுயிர்க்கொல்லி மூன்றையும் ஒன்றாகக் கலந்தவை அவை. எந்த நோயாக இருந்தாலும் இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், அதனால்தான் ஆபத்து. படர்தாமரையாக இருந்தால் ஸ்டீராய்டு சிவப்பை மட்டும் மறைத்து, பூஞ்சையை அடியில் பரவ விடும். பிறகு மருத்துவருக்கே அடையாளம் தெரியாது. புருவத்திலும் மூக்கோரத்திலும் தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து ரத்தக் குழாய்கள் தெரியத் தொடங்கும். சொரியாசிஸ் உள்ளவர் ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு திடீரென நிறுத்தினால், நோய் உடல் முழுக்கச் சீறி வரக்கூடும். அரிப்பு தாங்கவில்லை என்றால் மருத்துவரிடம் கேளுங்கள், தலைக்கு மட்டும் ஒன்றிரண்டு வாரத்துக்கான ஸ்டீராய்டு லோஷன் எழுதித் தருவார். அதை முகத்துக்குப் போடக்கூடாது.

மருத்துவரைப் பார்க்க முதலில் பாலிகிளினிக்கோ ஜிபியோ போதும். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பாலிகிளினிக் பரிந்துரைக் கடிதத்தோடு மண்டலே ரோட்டிலுள்ள நேஷனல் ஸ்கின் சென்டருக்குப் போனால் மானியக் கட்டணம் கிடைக்கும். வேலை அனுமதியில் இருப்பவராக இருந்தால் மானியம் கிடையாது. கம்பெனி காப்பீடு தோல் நிபுணரையும் சேர்க்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். போகிற நாளில் தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், முந்தின நாள் மருந்து ஷாம்பும் போடாதீர்கள், செதில் இருந்தால்தான் அவரால் பார்க்க முடியும். மோசமாக இருந்த நாளில் எடுத்த படமும், இதுவரை போட்ட ஷாம்பு, களிம்பு எல்லாவற்றின் அட்டையும் கையில் இருக்கட்டும். ரத்த அழுத்தத்துக்கோ வேறு எதற்கோ மாத்திரை சாப்பிட்டால் அதையும் காட்டுங்கள். பீட்டா பிளாக்கர், லித்தியம் போன்ற சில மருந்துகள் சொரியாசிஸைக் கிளப்பிவிடும். சொரியாசிஸ் என்று சந்தேகப்பட்டால் அவர் கை நகங்களையும் பார்ப்பார், நகத்தை ஒட்ட வெட்டிவிட்டுப் போகாதீர்கள்.